சாவி யார் கையில்? பிளட்ஜ் முதல் ரிபேட் வரை

"வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் சார். பிளட்ஜ், ஹைபாதிகேஷன், மார்ட்கேஜ், நாமினி, அசைனி, ரைட்-ஆஃப், வேவர், எக்ஸம்ப்ஷன், டிடக்‌ஷன், ரிபேட். விளக்கத்தைக் கொடுத்து 'இது எது?' என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன். மனப்பாடம் பண்ணியும் நிற்கவில்லை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?"

இந்தச் சொற்களைப் படிக்கும்போது மனதுக்குள் தமிழில் என்ன ஓடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். நகையைக் கொடுத்துப் பணம் வாங்கினால் அடகு. வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தாலும் அடகு என்றுதான் பலர் சொல்கிறோம். வங்கி ஒரு கடனைக் கணக்கிலிருந்து நீக்கினால் பத்திரிகையில் 'தள்ளுபடி', அரசு விவசாயக் கடனை ரத்து செய்தாலும் 'தள்ளுபடி', வருமான வரியில் கழிவு கிடைத்தாலும் 'தள்ளுபடி'. ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் சட்டம் மூன்று நான்கு பொருளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி நினைவில் வைக்கும்போது அவை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதனால் சொல்லை விட்டுவிட்டு, விளக்கத்துக்குள் எந்தப் பகுதி மாறினால் பதிலும் மாறும் என்று தேடுங்கள். நான் வங்கியில் கடன் பிரிவில்தான் அதிக காலம் இருந்தேன், அதனால் அடகிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு அரிசி ஆலைக்காரரை எடுத்துக்கொள்வோம். கிடங்கில் ஆயிரம் மூட்டை நெல் இருக்கிறது, அதன்மேல் கடன் வேண்டும். வங்கி இரண்டு விதமாகக் கொடுக்கலாம். முதல் விதத்தில் நெல் அவர் கிடங்கிலேயே இருக்கும், சாவியும் அவரிடமே இருக்கும். அவர் தினமும் எடுத்து அரைப்பார், விற்பார், புதிதாக வாங்கி நிரப்புவார். மாதாமாதம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று வங்கிக்கு ஒரு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார். இது ஹைபாதிகேஷன். இரண்டாவது விதத்தில் வங்கி அந்தக் கிடங்குக்குத் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர்ப்பலகையை மாட்டி, சாவியைக் கிளைக்கு எடுத்துப் போய்விடும். அவர் பணம் கட்டக் கட்ட, அதற்கு ஈடான மூட்டைகளை வங்கி ஆள் வந்து திறந்துவிடுவார். இது பிளட்ஜ். பழைய ஆட்கள் இதை 'கீ லோன்' என்பார்கள்.

அதே ஆள், அதே நெல், அதே வங்கி. இரண்டிலும் நெல்லின் சொந்தக்காரர் ஆலைக்காரர்தான். மாறியது சாவி மட்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 172-ஆம் பிரிவில், கடனைத் திருப்பித் தருவதற்குப் பிணையாகப் பொருளை ஒப்படைப்பதுதான் பிளட்ஜ் என்கிறது. 'ஒப்படைப்பது' என்பதுதான் அங்கே உயிர். வங்கிகள் வராக்கடனை வசூலிப்பதற்கான 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டமோ ஹைபாதிகேஷனுக்கு விளக்கம் தரும்போது, அசையும் சொத்தின் கைவசத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்காமல் உருவாக்கும் பிணை என்கிறது. ஒரு விளக்கத்தில் ஒப்படைத்து, இன்னொன்றில் ஒப்படைக்காமல். வினாவில் மற்ற எல்லாச் சொற்களும் உங்களைக் குழப்பத்தான் இருக்கின்றன.

சர்ஃபேசி விளக்கத்தில் இன்னொரு சொற்றொடரும் உண்டு: 'இப்போது இருக்கும் அல்லது இனி வரப்போகும்' சொத்து. ஆலைக்காரர் அடுத்த மாதம் வாங்கப்போகும் நெல்லும் ஹைபாதிகேஷனுக்குள் வந்துவிடும். கையில் இல்லாத நெல்லை யாரும் ஒப்படைக்க முடியாது என்பதால் பிளட்ஜுக்கு இது பொருந்தாது. வினாவில் 'எதிர்காலச் சொத்து' என்று வந்தால் பதில் தெரிந்துவிட்டது.

நகைக் கடன் பிளட்ஜ், ஏனென்றால் நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. கார் கடன் ஹைபாதிகேஷன், ஏனென்றால் காரை நீங்கள் ஓட்டுகிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும், கடன் முடிந்ததும் வங்கியிடம் என்.ஓ.சி. வாங்கி அதை நீக்க வேண்டும். தவணை கட்டாமல் விட்டால் வங்கி முதலில் வண்டியைக் கைப்பற்ற வேண்டியிருக்கிறது. நகை ஏற்கெனவே கையில் இருப்பதால் அந்த வேலை இல்லை. ஆனால் பிளட்ஜிலும் நினைத்தவுடன் விற்றுவிட முடியாது. 176-ஆம் பிரிவின்படி விற்பதற்கு முன் நியாயமான அறிவிப்பு கொடுத்தாக வேண்டும்.

கைவசம் யாரிடம் என்பது வெறும் தேர்வு நுணுக்கம் இல்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிடங்கைப் பார்வையிடப் போனேன். ஸ்டேட்மென்டில் எழுதியிருந்த எண்ணிக்கைக்கு மூட்டைகள் சரியாக இருந்தன. உடன் வந்த மூத்த அதிகாரி முன்வரிசையை விட்டுவிட்டு, பின்வரிசையில் ஏறி ஒரு கம்பியைக் குத்தி இழுத்தார். உமி வந்தது. முன்னால் இரண்டு வரிசை நெல், பின்னால் எல்லாம் உமி மூட்டை. சரக்கு கடன் வாங்கியவர் கையிலேயே இருந்தால் இப்படியும் நடக்கும், அதே சரக்கைக் காட்டி இன்னொரு வங்கியில் வாங்குவதும் நடக்கும். ஹைபாதிகேஷனில் மாத ஸ்டேட்மென்டும் திடீர்ப் பார்வையிடலும் வைத்திருப்பது இதனால்தான்.

இனி மார்ட்கேஜ். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58-ஆம் பிரிவு: குறிப்பிட்ட அசையாச் சொத்தில் உள்ள ஒரு உரிமைப் பங்கைக் கடனுக்குப் பிணையாக மாற்றித் தருவது. இங்கே கைவசத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சாதாரண வீட்டுக் கடனில் வீட்டில் நீங்களே குடியிருக்கிறீர்கள், பத்திரம் மட்டும் வங்கியிடம். இன்னொரு வகையில் வீடே கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். இரண்டுமே மார்ட்கேஜ்தான், ஏனென்றால் இங்கே அளவுகோல் சொத்து அசையுமா அசையாதா என்பது. அப்புறம், 'மார்ட்கேஜில் உடைமை வங்கிக்கு மாறிவிடும்' என்ற வாக்கியம் தேர்வில் அடிக்கடி வரும். சட்டம் சொல்வது உரிமைப் பங்கு ஒன்று மாறுகிறது என்றுதான், முழு உடைமை என்று பொதுவாகச் சொல்லவில்லை. இங்கிலீஷ் மார்ட்கேஜ் என்ற ஒரு வகையில் மட்டும், கடன் அடைந்ததும் திருப்பி எழுதித்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து முழுதாக மாற்றித் தரப்படும்.

மார்ட்கேஜில் ஆறு வகை உண்டு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ் என்ற வாயில் நுழையாத பெயரைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அது நம் ஊர் ஒத்தி, போக்கியம்தான். வீட்டுக்காரருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பீர்கள், அல்லது வயலை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வீர்கள். அசல் திரும்பி வந்ததும் காலி செய்வீர்கள். வட்டிக்குப் பதில் சொத்தின் பலன். பலர் இதை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நூறு ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மார்ட்கேஜைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 59-ஆம் பிரிவு. இதில் விதிவிலக்கு, பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் வகைக்கு மட்டும். அந்த வகையைச் சட்டம் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் ஆகிய நகரங்களுக்குப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அரசு அறிவிக்கும் மற்ற ஊர்களுக்கும் அது பொருந்தும். இன்று வீட்டுக் கடனில் 'எம்.ஓ.டி. போடுவது' என்று சொல்கிறோமே, அது இதன் வழிவந்ததுதான்.

லியன் பற்றி ஒரு வரி போதும். ஏற்கெனவே வேறு காரணத்துக்காகக் கைக்கு வந்த பொருளை, பாக்கி தீரும்வரை திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமை அது. பிணை என்று சொல்லிக் கொடுத்தால் பிளட்ஜ், அப்படிச் சொல்லாமல் வந்தது தங்கினால் லியன்.

அடுத்து நாமினியும் அசைனியும். இதை அடகோடு சேர்த்தே படியுங்கள், ஏனென்றால் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை வங்கியில் பிணையாக வைக்கும் முறையின் பெயர்தான் அசைன்மென்ட். பாலிசி நெல்லும் இல்லை நிலமும் இல்லை, அது ஒரு பணம் பெறும் உரிமை. உரிமையைப் பூட்டி வைக்க முடியாது, பெயர் மாற்றித்தான் தர முடியும். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு அசைன்மென்ட், 39-ஆம் பிரிவு நாமினேஷன். அசைன்மென்டில் உரிமை உடனே, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே, கைமாறுகிறது. நாமினேஷனில் நீங்கள் இருக்கும்வரை எதுவும் மாறாது, நினைத்தபோது நாமினியை மாற்றலாம். வினாவில் 'எப்போது' என்ற இடத்தைப் பாருங்கள்.

நாமினிக்குப் பணம் சொந்தமா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுக்கு உரியது என்றது. பிறகு 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சேரும் என்ற நிலை வந்தது. வங்கி வைப்புக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அங்கே நாமினி இன்றும் வாங்கிக் கொடுப்பவர்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை போடலாம் என்பதுதான் அங்கே புதிது.

அதே 2015 திருத்தம் இன்னொன்றையும் மாற்றியது, இதைப் பழைய கையேடுகள் இன்னும் தப்பாகவே அச்சடிக்கின்றன. அசைன் செய்தால் நாமினேஷன் தானாக ரத்தாகும் என்பது பொது விதி. ஆனால் கடனுக்காக அசைன் செய்தால் ரத்தாகாது, நாமினியின் உரிமை கடன் அளவுக்கு மட்டும் குறையும். ஒருவர் மனைவியை நாமினியாகப் போட்ட 10 லட்ச ரூபாய் பாலிசியை வங்கிக்கு அசைன் செய்து கடன் வாங்குகிறார். 3 லட்சம் பாக்கி இருக்கும்போது இறந்துவிடுகிறார். வங்கிக்கு 3 லட்சம், மீதி 7 லட்சத்தில் மனைவியின் உரிமை அப்படியே நிற்கிறது.

இப்போது தள்ளுபடி. ரைட்-ஆஃப் என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்யும் வேலை. வராது என்று தெரிந்த கடனுக்கு லாபத்திலிருந்து ஏற்கெனவே ஒதுக்கீடு செய்துவிட்டு, அதைச் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. கடன்காரர் பாக்கி அப்படியே இருக்கிறது. வழக்கு நடக்கும், சொத்து ஏலம் போகும், வசூலானால் வருமானத்தில் ஏறும். வேவர் என்பது கடன்காரருக்கும் வங்கிக்கும் இடையில் நடப்பது. கடனே இனி இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்ததே, அது வேவர். நாளிதழில் 'வங்கிகள் இத்தனை கோடி தள்ளுபடி' என்று வருவது பெரும்பாலும் ரைட்-ஆஃப். டீக்கடையில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். விளக்கத்தில் 'கடன் வாங்கியவர் இன்னும் கட்ட வேண்டுமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள், பிரிந்துவிடும்.

வருமான வரிக்கு வேறு அளவுகோல் வேண்டும். இங்கே யார் கையில் என்பது இல்லை, எந்தப் படியில் என்பதுதான். கணக்கு மேலிருந்து கீழே இறங்குகிறது: வருமானத்தைக் கூட்டுகிறோம், கழிக்கிறோம், மீதிக்கு விகிதப்படி வரி போடுகிறோம், அந்த வரியில் குறைக்கிறோம். வருமானக் கூட்டலுக்குள்ளேயே வராதது எக்ஸம்ப்ஷன், உதாரணம் விவசாய வருமானம். கூட்டிய பிறகு வருமானத்திலிருந்து கழிப்பது டிடக்‌ஷன். வரி போட்ட பிறகு வரியிலிருந்து குறைப்பது ரிபேட். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 50,000 ரூபாய் டிடக்‌ஷன் கிடைத்தால் மிச்சம் 10,000. அதே 50,000 ரிபேட்டாகக் கிடைத்தால் மிச்சம் 50,000. தொகை ஒன்றுதான், படி வேறு. சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்.-இலும் 'டிடக்டட்' என்ற சொல் இருக்கிறது. அது வருமானத்தைக் குறைப்பதில்லை, கட்ட வேண்டிய வரியை முன்கூட்டியே கட்டுவது.

2025 பட்ஜெட் முடிந்த மறுநாள் எல்லா இடத்திலும் '12 லட்சம் வரை வரிவிலக்கு' என்றார்கள். விலக்கு என்றால் எக்ஸம்ப்ஷன். அது தப்பு, அது ரிபேட். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்குத்தான் வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம். ஒருவர் சம்பளம் 12,75,000 என்று வைப்போம். 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போக 12 லட்சம். வரி 20,000 கூட்டல் 40,000, ஆக 60,000. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 60,000 வரை ரிபேட். கட்ட வேண்டியது சுழி.

முடிவு சுழிதானே, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இன்னொருவரைப் பாருங்கள். டிடக்‌ஷன் போகச் சம்பளம் 9 லட்சம். பங்குச்சந்தையில் பங்கை வாங்கி ஓராண்டுக்குள் விற்றதில் லாபம் 2 லட்சம். மொத்தம் 11 லட்சம், 12-க்குள்தான். சம்பளத்துக்கு வரி 30,000, அது ரிபேட்டில் போய்விடும். பங்கு லாபத்துக்குத் தனி விகிதம் 20 சதவீதம், அதாவது 40,000. தனி விகிதத்தில் வரும் வரிக்குப் புதிய முறையில் ரிபேட் கிடையாது. 4 சதவீத செஸ் சேர்த்து 41,600 கட்ட வேண்டும். 12 லட்சம் உண்மையிலேயே விலக்கு வரம்பாக இருந்திருந்தால் அவர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் 'விலக்கு'தானே என்று நம்பி முன்வரி கட்டாமல் இருந்து, வட்டியோடு கட்டினான்.

ரிலீஃப் என்ற நான்காவது சொல்லும் பட்டியலில் வரும். வருமானம் 12 லட்சத்தைக் கடந்ததும் ரிபேட் முழுதாகப் போய்விடும். டிடக்‌ஷன் போக 12,10,000 வருமானம் உள்ளவருக்கு வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபத்தோராயிரம் கட்டுவதா? அதைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப்: வரம்பைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது. அவர் கட்டுவது 10,000, செஸ்ஸோடு 10,400. ரிபேட் வரம்புக்குள் இருப்பவருக்கு, இந்த ரிலீஃப் வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, 'டாக்ஸ் இயர்' என்று புதுப் பெயரும் வந்துவிட்டது. அதனால் 80சி, 87ஏ என்று எண்ணைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். படிகள் பழைய வரிசையிலேயேதான் இருக்கின்றன.